கைக்கடிகாரத்தில் பாண்டிச்சேரி மணி

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் டிக்கெட் போட்டு அனுப்பினால் தைரியமாகப் போய்விட்டு வாருங்கள். குளிரைச் சமாளிக்கலாம், சாப்பாட்டைச் சமாளிக்கலாம், பாஷை வராவிட்டால் கையாலும் தலையாலும் பேசிக்கொள்ளலாம். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது தூக்கம்தான். ஒரு மாதத்துக்கு மேல் தூங்காமல் கிடந்தேன். பெற்ற மகளே என் புத்தியைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒரு டாக்டரம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தபோதுதான், எனக்குப் பத்து வயதில் நடந்த ஒரு கோடைகாலம் புரிந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனித்தனியாகச் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

நான் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவள். எழுத்துப் பிழையை ஓடுகிற பஸ்ஸின் பின்னால் கண்டால்கூட மனசு ஆறாது. வீடு லாஸ்பேட்டையில். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி, எனக்கு இரத்தக் கொதிப்பு, அவ்வளவுதான் எங்கள் சொத்து. ஒரே மகள் பாரீசுக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறாள். மாப்பிள்ளை சொல்தா குடும்பம். அதாவது அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், அந்த வழியில் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. மாப்பிள்ளைக்கு ஏர்போர்ட்டில் சரக்குப் பிரிவில் வேலை, மகளுக்கு ஆஸ்பத்திரி லேபில். அவளுடைய பிரசவ விடுப்பு ஜூன் கடைசியில் முடிகிறது. குழந்தைகள் காப்பகத்தில் செப்டம்பரில்தான் இடம் தருவார்கள். நடுவில் இரண்டு மாதம் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். மே மாத ஆரம்பத்தில் போய் இறங்கினேன்.

விமானத்தில் எல்லோரும் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். நான் வைக்கவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவரைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட வேண்டும், எட்டு மணிக்கு மாத்திரையை ஞாபகப்படுத்த வேண்டும். நாற்பது வருஷமாக அலாரம் என்பது நான்தான். அங்கே போயும் போன் போட்டு எழுப்பினேன். வெயில்காலத்தில் பாரீஸ் நம் ஊருக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே விடிகாலை ஐந்து என்றால் அங்கே நடுராத்திரி ஒன்றரை. கூட்டிக் கழித்துப் பார்க்கிற தொல்லை வேண்டாம் என்று கடிகாரத்தை ஊர் மணியிலேயே ஓடவிட்டேன். கடிகாரம் கையில் கிடக்கிறது, தூக்கம் உடம்பில் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் ஐந்தரை ஆனால் மகள் குழந்தையைத் தூங்கவைக்க ஜன்னல்களின் இரும்புத் திரையை இறக்கிவிடுவாள். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே கும்மிருட்டு. நம் ஊரில் அப்போது மணி ஒன்பது. சோபாவில் சாய்ந்த இடத்திலேயே கண் சொக்கிவிடும். எட்டு மணிக்குச் சாப்பிட எழுப்புவார்கள். தட்டில் கையை வைத்துக்கொண்டே ஆடி விழுவேன். ஒன்பதுக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு பொட்டுத் தூக்கம் கிடையாது. குழந்தை தூங்குகிறது, பெற்றவர்கள் தூங்குகிறார்கள், கீழே தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு, "இன்னிக்கும் போச்சு" என்று படுத்திருப்பேன். தூங்கு தூங்கு என்று என்னையே அதட்டுவேன். அதட்ட அதட்ட அது இன்னும் தள்ளிப் போகும். ஒன்றரைக்கு வீட்டுக்காரரை எழுப்புவேன். ஐந்தரைக்குப் பொழுது விடிந்ததும் அப்பாடா என்று காபியோடு பால்கனியில் போய் உட்கார்ந்துவிடுவேன். கிழக்குப் பார்த்த பால்கனி, முகத்தில் வெயில் விழும். அது ஒன்றுதான் அன்றைய சந்தோஷம்.

ஒருநாள் விழித்ததுதான் விழித்தோம், சும்மா ஏன் படுத்திருக்க வேண்டும் என்று சமையலறைக்குப் போய் வெங்காயம் உரித்து சாம்பாரைக் கூட்டிவிட்டேன். தாளிக்கும்போது மகள் ஓடி வந்தாள்.

"அம்மா, என்னம்மா பண்றே? மணி ரெண்டும்மா!"

"ரெண்டு இல்லடி, அஞ்சரை" என்று கடிகாரத்தைக் காட்டினேன். எனக்கு அது நகைச்சுவை. அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கிற விதம் மாறியது. குழந்தையை மகளின் பெயர் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டேன். யார்தான் கூப்பிட மாட்டார்கள்? சாவியை எங்கே வைத்தேன் என்று தேடினேன். அதையெல்லாம் அவள் மனசுக்குள் குறித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அவளும் மாப்பிள்ளையும் என் எதிரிலேயே பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியாது என்ற நினைப்பு. நான் கான்வென்ட்டில் ஐந்தாவது வரை பிரெஞ்சு படித்தவள் என்பதை மகள் மறந்துவிட்டாள், ஞாபகக் குறை அவளுக்குத்தான். நிறைய வார்த்தை போய்விட்டது, ஆனால் 'மெமுவார்' என்றால் ஞாபகசக்தி என்று தெரியாமல் போய்விடுமா? அந்த வார்த்தை நாலு தடவை வந்தது. முகத்தை மாற்றிக்கொள்ளாமல் குழந்தைக்குச் சட்டை மாட்டினேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். எனக்காக மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் தருகிற தூக்க மாத்திரை ஒன்றை வாங்கி வந்தார். இரவு ஒன்று போட்டேன். தூங்கினேனா மயங்கினேனா தெரியாது. மறுநாள் வாய் பஞ்சாய் வறண்டு, தலைக்குள் யாரோ ஈரத்துணி திணித்த மாதிரி இருந்தது. காலை பத்து மணிக்கு மகள் குளிக்கப் போனாள். குழந்தையின் பால் புட்டியைச் சூடுபண்ண ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கூரையில் இருந்த புகை மணி அலறியபோதுதான் கண் விழித்தேன். தண்ணீர் வற்றி, புட்டி உருகி, பாத்திரம் கருகிக் கிடந்தது. குழந்தை தொட்டிலில் வீறிட்டது. ஈரத் தலையோடு ஓடி வந்த மகள் அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். என்னிடமிருந்து பின்னால் போனாள்.

அன்று மாலை தமிழிலேயே சொன்னாள். "அம்மா, டாக்டர்ட்ட காட்டிடலாம். மறதி நோயா இருந்தா இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது. சரிவரலன்னா புள்ளைய பாத்துக்க ஒரு பொம்பளைய வெச்சுக்கறோம். உனக்கு டிக்கெட்ட முன்னாடியே மாத்திடறேன்."

அழுதுகொண்டுதான் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பேத்தியை என் கையில் கொடுக்கப் பயப்படுகிறாள், அதுதான் நெஞ்சை அறுத்தது. டாக்டரைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து நேரம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நிரப்பிக்கொண்டு வரச்சொல்லி ஒரு தாள் அனுப்பினார்கள். தினமும் எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூங்கினேன், எப்போது விழித்தேன், பகலில் எவ்வளவு நேரம் கண்ணயர்ந்தேன் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். எனக்கா எழுதத் தெரியாது? ஒரு கட்டம் விடாமல் எழுதினேன்.

அந்த இரண்டு வாரமும் படுக்கையில் விழித்துக் கிடந்தபோது அப்பாவின் நினைப்பு வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் தூக்கத்தால் சண்டை வந்தது அந்த ஒரு கோடையில்தான்.

அப்போது நாங்கள் முதலியார்பேட்டையில் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பா பஞ்சாலையில் நூல் மிஷினில் வேலை பார்த்தார். வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். அந்த வருஷம் ராத்திரி ஷிப்டுக்கு ஆள் குறைந்துபோய், அவரைச் சித்திரையில் ராத்திரிக்குப் போட்டவர்கள் ஆனி வரைக்கும் மாற்றவே இல்லை. காலை ஏழு மணிச் சங்கு ஊதி அரை மணியில் வருவார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். ஓட்டிக்கொண்டு வர மாட்டார், ஒருதரம் ஓட்டி வந்து சாக்கடையில் விழுந்துவிட்டார்.

எட்டு மணிக்குப் பாயைப் போட்டுப் படுப்பார். ஓட்டிலிருந்து அனல் இறங்கும். பக்கத்து வீட்டில் மாவு இடிப்பார்கள், ஐஸ்காரன் மணியடிப்பான், நானும் தம்பியும் லீவு விட்ட பிள்ளைகள், எங்கள் சத்தம் கேட்க வேண்டியதில்லை. பத்தரைக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருக்கும். சாயங்காலம் பேச்சு குழறும். ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்தி, என்ன சொல்ல வந்தோம் என்று எங்களையே பார்ப்பார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். ஒருநாள் தம்பியின் பம்பரத்தைக் கூரைமேல் வீசிவிட்டார். அது சிவப்புப் பட்டை போட்ட பம்பரம், தம்பிக்கு அப்போது ஐந்து வயசு, மூன்று நாள் அழுதான்.

"தூக்கம் வரல" என்று அப்பா சொன்னார்.

"ராத்திரி பூரா முழிச்சவனுக்கு தூக்கம் வரலையா? யாருகிட்ட காது குத்தற?" என்று அம்மா கேட்டாள்.

நம் ஊர் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் சுற்றிலும் தமிழ்நாட்டில் மதுவிலக்கு, பாண்டிச்சேரியில் மட்டும் முக்குக்கு முக்கு கடை. ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தால் வேறு காரணம் இருக்கும் என்று இங்கே யாரும் யோசித்ததே இல்லை. மில்லிலிருந்து வருகிற வழியில் ஒரு சாராயக் கடை, ஒரு கள்ளுக் கடை. அம்மாவுக்கு அது போதும். பெரிய மாமாவை வரவழைத்தாள். மாமா அம்மாவுக்கு அண்ணன், மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர், சட்டென்று கை நீட்டிவிடுகிறவர்.

மாமா வந்து உட்கார்ந்தார். அப்பா உள்ளே படுத்திருந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"போய் அப்பா வாய மோந்து பாரு. நாத்தம் வருதான்னு வந்து சொல்லு. உன்னத்தான் கிட்ட விடுவாரு."

போனேன். அப்பா மல்லாந்து படுத்திருந்தார், கண் பாதி திறந்திருந்தது. குனிந்தேன். பீடி வாடை வந்தது. மிஷின் எண்ணெய் வாடை வந்தது. வியர்வையும் பஞ்சுத் தூசியும் கலந்த ஒரு வாடை வந்தது. சாராயம் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியாது. நான் அதை மோந்ததே இல்லை. அப்பா என் தலையில் கையை வைத்து, "என்னடா கண்ணு?" என்றார். ஒன்றுமில்லை என்று வெளியே வந்தேன். மாமாவும் அம்மாவும் என்னையே பார்த்தார்கள். தெரியவில்லை என்று சொன்னால் அசடு என்று நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"ஆமா, வருது" என்றேன்.

மாமா உள்ளே போய் அப்பாவைச் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். இரண்டு அறை. தெருவே பார்த்தது. அப்பா திருப்பி அடிக்கவில்லை, நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா, நிக்கக்கூட முடியல" என்று மாமா தெருவுக்கு எடுத்துக் காட்டினார். அதற்கடுத்த வாரம் அப்பா மிஷினுக்குப் பக்கத்திலேயே தூங்கி விழுந்தார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று மில்லில் சீட்டுக் கிழித்துவிட்டார்கள். மாமா தன் மண்டியிலேயே மூட்டை எடைபோட அவரைச் சேர்த்துக்கொண்டார். பகல் வேலை. பத்து நாளில் அப்பாவின் கண் வெளுத்தது, பேச்சுத் தெளிந்தது, தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். "ரெண்டு தட்டு தட்டினேன், திருந்திட்டான்" என்று மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா மறுத்துப் பேசியதில்லை. எங்கள் குடும்பத்தில் அது முடிந்துபோன கதை. அப்பா ஒரு காலத்தில் குடித்தார், பிறகு விட்டுவிட்டார். நானும் அதைத்தான் அறுபது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். வெட்டிய நரைமுடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. மகள் மொழிபெயர்ப்பு. முதலில் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, பிறகு கேட்பேன், திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டே வா என்றார். கணக்கை முடித்துவிட்டு அந்த மூன்று வார்த்தைகளையும் பிரெஞ்சிலேயே, எது ஆண்பால் எது பெண்பால் என்பதோடு சேர்த்துச் சொன்னேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு என் தாளை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. மகளிடம் ஏதோ கேட்டார். மகள் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, ராத்திரி சாப்பாடு பதினொண்ணரை மணின்னு எழுதியிருக்கே. நாம எட்டு மணிக்குத்தானே சாப்பிடறோம்? பன்னெண்டரைக்குப் படுத்தேன், நாலு மணிக்கு முழிச்சேன்னு எழுதியிருக்கே. பகல்லயும் எல்லாமே தப்புத்தப்பா இருக்கு. உனக்கு மணி பாக்கக்கூட வரலையா?"

நான் கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினேன். "ஒரு நிமிஷம்கூடத் தப்பில்ல. இது பாண்டிச்சேரி மணி. மூன்றரை மணி நேரத்தக் கழிச்சுப் படிக்கச் சொல்லு."

மகள் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார். அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக் கட்டங்களின்மேல் கோடு போட்டுக்கொண்டே விளக்கினார். எனக்கு அவர் போட்ட கோடு, திருத்திய புரூஃப் மாதிரி அத்தனை தெளிவாக இருந்தது.

தூக்கம் கெட்டுப்போகவில்லை, இடம் மாறாமல் நிற்கிறது என்றார். என் உடம்பு இன்னும் பாண்டிச்சேரியில் இருக்கிறது. ஊர் மணி ஒன்பதுக்குத் தூக்கம் வருகிறது, அது இங்கே சாயங்காலம் ஐந்தரை. விடிகாலையில் விழிப்பு வருகிறது, அது இங்கே நடுராத்திரி. நடுவில் சாப்பாட்டுக்கு எழுப்பித் தூக்கத்தை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். மேற்கே வருகிறவர்களுக்கு இது சில நாளில் தானாகச் சரியாகும். எனக்கு ஏன் ஆகவில்லை? உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தைத் திருப்புவது வெளிச்சம். அது கண் வழியாகப் போகிறது. சாயங்காலம் படுகிற வெளிச்சம் அதைப் பின்னுக்குத் தள்ளும், காலையில் படுகிற வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். நான் பின்னுக்குப் போக வேண்டியவள். ஆனால் சாயங்கால வெளிச்சத்தை இரும்புத் திரை போட்டு மறைத்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கிழக்கு பால்கனியில் போய் முகத்தைக் காட்டியிருக்கிறேன். வயதானால் அந்தக் கடிகாரம் வேறு கொஞ்சம் முந்திக்கொள்ளும். போதாக்குறைக்கு நடுராத்திரி போன், பகலில் சோபாவில் இரண்டு தடவை குட்டித் தூக்கம். மாவு பொங்குவதற்குள் கரண்டி கரண்டியாக எடுத்துவிட்டால் மறுநாள் இட்லிக்கு என்ன இருக்கும்? பகல் தூக்கம் அப்படித்தான். ராத்திரிக்குச் சேர வேண்டியதை எடுத்துவிடுகிறது.

மருந்துக் கடை மாத்திரையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதைக் குப்பைக் கூடையில் போட்டார். இந்த வயதில் அது மறுநாள் மத்தியானம் வரை மூளையை மந்தமாக்கும், குழப்பும், பாத்திரத்தைக் கருக்கியது உங்கள் அம்மா இல்லை, இந்த மாத்திரைதான் என்றார்.

மகள் அப்போதும் விடவில்லை. மாத்திரை போடுவதற்கு முன்னாலேயே நான் தடுமாறினேனே, பெயரை மாற்றிக் கூப்பிட்டேனே, சாவியைத் தேடினேனே என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்ன பதிலை மகள் தமிழில் சொன்னாள்.

"நாள் கணக்குல தூக்கம் கொறஞ்சவங்க யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா இருப்பாங்களாம். நடை தள்ளாடுமாம், பேச்சு குழறுமாம், கோவம் வருமாம். குடிச்சவன் மாதிரியே இருக்குமாம். போலீஸ் ஊதிப் பாக்கச் சொன்னா மட்டும் ஒண்ணும் காட்டாதாம். ராத்திரி வேல பாக்கறவங்க காலைல வெயில்ல வூட்டுக்கு வந்து படுத்தா இதேதானாம். ஒடம்பு பகல்னு நெனச்சுக்குமாம், தூங்க விடாதாம்."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா அதற்குப் பிறகு சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. மகள் எழுதிக்கொண்டாள். எனக்கு எதிர்வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற ஓர் ஆள்தான் தெரிந்தார்.

"என்னம்மா, ஏன் அழற? ஒண்ணும் இல்லன்னுதானே சொல்றாங்க?" என்றாள் மகள்.

மகள் எழுதிக்கொண்டதை அன்றே ஆரம்பித்தோம். முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருப்பினேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து அலாரம் வைத்துக்கொண்டு எழுந்திருங்கள் என்றேன்.

"அலாரம் உன்ன மாதிரி திட்டாதே, நான் எப்பிடி எழுந்துக்கறது?" என்றார். எழுந்துகொண்டார், ஒன்றும் ஆகிவிடவில்லை.

காலை எட்டு மணி வரை என் அறையின் திரையைத் தூக்கக் கூடாது. பால்கனிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை அந்த ஊர்க் காலையில்தான் போட வேண்டும். பகலில் படுக்கக் கூடாது, ரொம்ப முடியாவிட்டால் சாப்பிட்டதும் இருபது நிமிஷம். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வெளியே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அங்கே ஜூனில் பத்து மணி வரை பொழுது போகாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றினோம். ஏழு மணிக்குக் கால் பின்னிக்கொள்ளும், கண் செருகும். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடத்துவாள். ராத்திரி பத்தரைக்கு முன்னால் படுக்கை கிடையாது, காலை ஐந்தரைக்கு மேலும் கிடையாது. நடுவில் விழித்துத் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்கக் கூடாது. எழுந்து மங்கலான விளக்கில் சும்மா உட்கார வேண்டும், கண் சொருகினால்தான் திரும்பப் படுக்க வேண்டும். மணி பார்க்கக் கூடாது. சமையலறைக்குப் போகவே கூடாது.

முதல் நாலு நாள் செத்துப் பிழைத்தேன். ஐந்தாம் நாள் இரண்டு மணிக்கு விழித்தேன். ஏழாம் நாள் மூன்றரைக்கு. பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, குழந்தை ராத்திரி அழுததாம், மகள் எழுந்து பால் கொடுத்தாளாம். எனக்கு எதுவும் தெரியாது.

மகள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. அவள் காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். குழந்தையை என் கையில் கொடுத்தாள். பால் எங்கே, துணி எங்கே என்று எதுவும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "உன்ன தப்பா நெனச்சுட்டேம்மா, மன்னிச்சுக்கோ" என்றாள்.

அதே நிமிஷத்தில் நான் மன்னித்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையோடு உட்கார்ந்தபோதுதான், இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் வீட்டில் யாரும் அப்பாவிடம் சொன்னதில்லை என்று உறைத்தது. அம்மா போய்விட்டாள், மாமா போய்விட்டார், அப்பா போய் நாற்பது வருஷமாகிறது. சொல்ல வேண்டியவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். சாட்சி சொன்னவளும் நான்தான்.

இரண்டு மாதம் பேத்தியை வளர்த்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். ஐப்பசியில் அப்பாவின் நினைவு நாள் வந்தது. தம்பி வீட்டு மாடியில் வருஷா வருஷம் படையல் போடுவோம். செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது நம் வழக்கம். கோழிக் குழம்பு, வஞ்சிரம் வறுவல், அவித்த முட்டை, பீடிக்கட்டு. அப்பா போன முதல் வருஷம் மாமா ஒரு பாட்டிலைக் கொண்டு வந்து, "திருந்தி வாழ்ந்த மனுஷன், செத்தப்புறமாவது ஆச தீரட்டும்" என்று வைத்தார். அன்றிலிருந்து தம்பி ஒரு வருஷமும் தவறாமல் ஒரு குவாட்டர் பாட்டில் வாங்கி அப்பா படத்துக்கு முன்னால் மூடியைத் திறந்து வைக்கிறான்.

இந்த வருஷமும் வைத்தான். நான் போய் அதை எடுத்தேன்.

"அக்கா, என்னக்கா பண்றே?"

"அப்பா குடிச்சதே இல்லடா."

தம்பி மனைவியும் அவன் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வாயை மோந்து பார்த்ததை, என்ன வாடை வந்தது என்பதை, நான் என்ன சொன்னேன் என்பதை. டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். "அப்பா தூக்கம் வரலன்னுதான் சொன்னாரு. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அப்பா படத்தைப் பார்த்து, "தப்பா சொல்லிட்டேம்ப்பா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். தம்பி என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினான்.

"அப்ப அந்த எடத்துல இன்னா வெக்கிறது?" என்று கேட்டான். இலையில் அந்த மூலை காலியாக இருந்தது. பக்கத்து அறையில் தம்பியின் பேரப்பிள்ளைகள் டி.வி.யில் கிரிக்கெட் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் யாரும் சத்தம் போடாம இருங்க."

தம்பி எழுந்து போய் டி.வி.யை அணைத்தான்.